ஓட்டல் பணியாளரின் மிகைநேர ஊதியம்: தேதியும் மணிக்கணக்கும் கொண்ட கோரிக்கைக் கடிதம் எழுதுவது எப்படி?

பெங்களூரு: திருமண விருந்து முடிய நள்ளிரவு கடந்துவிடுகிறது. கடைசி விருந்தினர் சென்ற பின்னர் மேசைகளை ஒழித்து, பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துவிட்டுப் பணியாளர் வெளியேறும்போது மணி இரண்டு. ஆனால் மாத இறுதியில் வரும் சம்பளச் சீட்டில் மிகைநேர ஊதியத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது. ஓட்டல் துறையில் பழகிப்போன இந்த நிலையில், நிர்வாகத்துக்கு எழுதப்படும் முதல் கடிதமே பிற்காலத்தில் முக்கிய ஆவணமாகிறது. நிர்வாகம் பணம் கொடுக்க மறுத்தால், தொழிலாளர் துறை அதிகாரி முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், மணிக்கணக்கை எவ்வாறு போட வேண்டும், எந்தப் பிழை கோரிக்கையைப் பலவீனமாக்கும் என்பதை, பெங்களூருவில் உள்ள ஓர் ஓட்டலின் விருந்து அரங்கில் பணிபுரியும் ஊழியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம். விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கணக்கு இது.

சட்டம் கூறுவது என்ன?

கர்நாடகத்தில் ஓட்டல்களும் உணவகங்களும் 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இச்சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, ஊழியர் ஒருவரின் வேலை நேரம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியான மூன்று மாதங்களில் மிகைநேரம் மொத்தம் 50 மணிக்கு மேற்படக் கூடாது.

ஊதியத்தைப் பற்றிப் பேசுவது 8ஆவது பிரிவு. ஒரு நாளில் 9 மணிக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணிக்கு மேலோ வேலை செய்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும். அடிப்படைச் சம்பளமும் படிகளும் சேர்ந்ததே இங்கு வழக்கமான ஊதியம். போனஸ் அதில் சேராது.

2025 நவம்பர் 21 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், மிகைநேரத்துக்கு இரு மடங்குக்குக் குறையாத ஊதியம் தர வேண்டும் என்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்கிவிட வேண்டும் என்பதும் அத்தொகுப்பின் விதி. ஆகவே டிசம்பர் மாத மிகைநேர ஊதியம் ஜனவரி 7 கடந்தும் வராவிட்டால், அது நிலுவை ஆகிவிடுகிறது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆனால் பதவிப் பெயர் மட்டும் இதை முடிவு செய்வதில்லை. 'கேப்டன்', 'சூப்பர்வைசர்' என்று அழைக்கப்பட்டாலும், ஆளெடுக்கவோ விடுப்பு வழங்கவோ அதிகாரமின்றி, பிற ஊழியரைப் போலவே பரிமாறும் வேலை செய்பவர் தம் வேலையின் தன்மையைக் காட்டி ஊதியம் கோரலாம்.

மணிக்கணக்கில் நேரும் பிழை

நமது எடுத்துக்காட்டு ஊழியரின் பணி நேரம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 11 மணி வரை. இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு. ஓய்வு நேரம் வேலை நேரமாகாது. எனவே நாளுக்கு 8 மணி நேர வேலை. திங்கட்கிழமை வார விடுமுறை. ஆறு நாள்களுக்கு 48 மணி நேரம் என்பதால் வாராந்தர வரம்பு அத்தோடு நிறைந்துவிடுகிறது.

டிசம்பர் இரண்டாம் வாரம், ஞாயிறு 7 முதல் சனி 13 வரை, இரண்டு இரவுகள் அவர் அதிகாலை 1 மணி வரை பணியில் இருந்தார். அந்த இரு நாள்களிலும் வேலை 10 மணி நேரம். மற்ற நான்கு நாள்களில் 8 மணி நேரம். வார மொத்தம் 52 மணி. நாள் வரம்பை மட்டும் பார்த்தால், 9 மணியைத் தாண்டியது நாளுக்கு ஒரு மணி வீதம் 2 மணி நேரம்தான். வார வரம்பைப் பார்த்தால் 4 மணி நேரம். ஊழியருக்குச் சேர வேண்டியது இந்த 4 மணி நேரம். இரண்டையும் கூட்டி 6 என்று எழுதினால், ஒரே மணியை இரு முறை எண்ணியதாகிவிடும்.

அடுத்த வாரம் நிலைமை தலைகீழ். 17ஆம் தேதி அவர் விடுப்பு எடுத்தார். ஆனால் 18, 19 ஆகிய இரு இரவுகளும் அதிகாலை 2 மணி வரை பணி. ஒவ்வொரு நாளும் 11 மணி நேர வேலை. விடுப்பு காரணமாக வார மொத்தம் 46 மணிதான். வார வரம்பு தாண்டப்படவில்லை என்று நிர்வாகம் சொல்லக்கூடும். எனினும் நாள் வரம்பு இரு நாளும் 2 மணி வீதம் தாண்டப்பட்டிருக்கிறது. எனவே இங்கும் மிகைநேரம் 4 மணி.

மூன்றாம் வாரம் கிறிஸ்துமஸ் வாரம். வார விடுமுறையான 22ஆம் தேதியும் வேலைக்கு அழைக்கப்பட்டார். 24ஆம் தேதி 11 மணி நேரம், 25, 26 தேதிகளில் தலா 10 மணி நேரம், மற்ற நான்கு நாள்களில் 8 மணி நேரம். மொத்தம் 63 மணி. மிகைநேரம் 15 மணி.

மூன்று வாரங்களுக்கும் சேர்த்து 23 மணி நேரம். நாள் வரம்பை மட்டும் பார்த்திருந்தால் 10 மணி நேரத்துக்கே பணம் கேட்டிருப்பார். இரு வரம்புகளையும் கூட்டியிருந்தால் 29 மணி நேரம் என்று எழுதியிருப்பார். முதலாவது அவருக்கு நட்டம். இரண்டாவது அதைவிட மோசம்: கணக்கில் ஆறு மணி நேரம் தவறு என்று காட்டி, கடிதம் முழுவதையும் நிர்வாகம் ஒதுக்கிவிட முடியும். ஒவ்வொரு வாரத்துக்கும் இரு வழியிலும் கணக்கிட்டு, கூடுதலாக வரும் ஒன்றை மட்டும் எழுதுவதே பாதுகாப்பான முறை.

ஒரு மணி நேர ஊதியம் எவ்வளவு? மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, கிடைப்பதை 8ஆல் வகுப்பது வழக்கம். கணக்கு எளிதில் விளங்க, இவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 20,800 ரூபாய் என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 800 ரூபாய். ஒரு மணிக்கு 100 ரூபாய். மிகைநேரத்துக்கு இரு மடங்காக 200 ரூபாய். 23 மணிக்கு 4,600 ரூபாய். வேறு படிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே வகுக்க வேண்டும்.

சான்றுகள் எங்கே கிடைக்கும்?

விரல்ரேகை வருகைப் பதிவு இருக்கிறதே, வேறென்ன சான்று வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் சில இடங்களில், 11 மணிக்கு வெளியேறும் பதிவைச் செய்துவிட்டு வேலையைத் தொடரும்படி ஊழியர்களிடம் சொல்வதுண்டு. அப்போது இயந்திரப் பதிவே ஊழியருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அத்தகைய இரவுகளுக்கு வேறு தடயங்கள் உண்டு. வாயிற்காவலரின் பதிவேட்டில் ஊழியர் வெளியேறிய நேரம் இருக்கும். இரவில் வீட்டில் விடும் வண்டியின் பயணத் தாளில் ஏறிய நேரம் இருக்கும். விருந்து அரங்கில் அச்சான கடைசி ரசீதிலும், சமையலறைக்குச் சென்ற கடைசி ஆர்டர் சீட்டிலும் மணியும் நிமிடமும் இருக்கும். இவை நிர்வாகத்தின் கையில் இருப்பவை. ஊழியர் நகலெடுத்து வைத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் ஆவணங்களை அனுமதியின்றி எடுத்துச் செல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் தரும். எந்த நாளுக்கு எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கடிதத்தில் குறிப்பிட்டாலே போதும்.

ஊழியரிடம் இருக்க வேண்டியவை: வாராந்தரப் பணிப் பட்டியலின் படம், பணியில் தொடரும்படி வந்த வாட்ஸ்அப் செய்திகள், சம்பளச் சீட்டு, அன்றன்று எழுதிய நாட்குறிப்பு. மாத இறுதியில் நினைவிலிருந்து எழுதப்பட்ட பட்டியலைவிட, அன்றிரவே எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். நள்ளிரவைக் கடக்கும் வேலையை, பணி தொடங்கிய தேதியின் கணக்கிலேயே எழுத வேண்டும். இல்லையேல் ஒரே இரவு இரண்டு நாளாகப் பிரிந்து குழப்பும்.

கடிதத்தின் மாதிரி

பெங்களூருவில் இத்தகைய கடிதம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதப்படும். அதன் தமிழ் வடிவம் வருமாறு:

அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண்), உணவு பரிமாறும் பணியாளர், விருந்து அரங்குப் பிரிவு.

பெறுநர்: மனிதவள மேலாளர் அவர்கள். நகல்: பொது மேலாளர் அவர்கள்.

நாள்: 12.01.2026

பொருள்: 2025 டிசம்பர் 7 முதல் 27 வரையிலான மிகைநேரப் பணிக்கு ஊதியம் வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் விருந்து அரங்குப் பிரிவில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 11 மணி வரையிலான முறையில் பணிபுரிந்து வருகிறேன். எனது வார விடுமுறை திங்கட்கிழமை. டிசம்பர் மாத விருந்துகளின்போது மேற்பார்வையாளர் அவர்களின் அறிவுறுத்தலின்படி பணி நேரத்துக்குப் பின்னரும் பணியாற்றினேன். ஜனவரியில் பெற்ற டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டில் இதற்கான ஊதியம் இடம்பெறவில்லை. இது கணக்கில் விடுபட்டிருக்கலாம் எனக் கருதி, விவரங்களைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஒரு மணி நேர ஓய்வைக் கழித்த பின்னரே வேலை நேரத்தைக் குறித்துள்ளேன்.

டிசம்பர் 7 முதல் 13 வரை: 11, 12 தேதிகளில் அதிகாலை 1 மணி வரை, தலா 10 மணி நேரம். ஏனைய நான்கு நாள்கள் தலா 8 மணி நேரம். வார மொத்தம் 52. மிகைநேரம் 4 மணி.

டிசம்பர் 14 முதல் 20 வரை: 18, 19 தேதிகளில் அதிகாலை 2 மணி வரை, தலா 11 மணி நேரம். 17ஆம் தேதி விடுப்பு. ஏனைய மூன்று நாள்கள் தலா 8 மணி நேரம். வார மொத்தம் 46. நாள் வரம்பின்படி மிகைநேரம் 4 மணி.

டிசம்பர் 21 முதல் 27 வரை: 22ஆம் தேதி வார விடுமுறையில் 8 மணி நேரம். 24ஆம் தேதி அதிகாலை 2 மணி வரை, 11 மணி நேரம். 25, 26 தேதிகளில் அதிகாலை 1 மணி வரை, தலா 10 மணி நேரம். ஏனைய மூன்று நாள்கள் தலா 8 மணி நேரம். வார மொத்தம் 63. மிகைநேரம் 15 மணி.

மொத்த மிகைநேரம் 23 மணி. எனது மாத ஊதியம் ரூ.20,800. ஒரு மணி நேர ஊதியம் ரூ.100. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி இரு மடங்கு வீதம் ரூ.200. எனக்குச் சேர வேண்டிய தொகை ரூ.4,600.

டிசம்பர் 19, 24 ஆகிய இரு இரவுகளில் எனது வெளியேறும் பதிவு 11 மணி எனக் காட்டக்கூடும். அவ்விரு இரவுகளுக்கும் வாயிற்காவலர் பதிவேட்டையும் இரவு வண்டியின் பயணத் தாளையும் சரிபார்க்க வேண்டுகிறேன். பணிப் பட்டியலின் நகலையும் மேற்பார்வையாளர் அனுப்பிய செய்திகளின் நகலையும் இணைத்துள்ளேன்.

எனது கணக்கில் பிழை இருப்பின், எந்தத் தேதி, எத்தனை மணி என்று தெரிவித்தால் திருத்திக்கொள்கிறேன். 27.01.2026க்குள் எழுத்துமூலம் பதில் அளித்து, ஜனவரி மாதச் சம்பளத்துடன் இந்தத் தொகையை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

பணிவான நடை ஏன்?

இக்கடிதத்தில் எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. 18, 19, 24 ஆகிய தேதிகளில் 10 மணி நேர உச்சவரம்பு மீறப்பட்டிருக்கிறது. அது நிர்வாகத்தின் விதிமீறல். ஊழியருக்குரிய ஊதியத்தை அது குறைப்பதில்லை. ஆயினும் அதைக் கடிதம் சுட்டவில்லை. கோருவது பணம், வழக்கு தொடுப்பதாக மிரட்டினால், கோப்பு சம்பளப் பிரிவிலிருந்து வழக்கறிஞரிடம் போய்விடும். மேலும் தேதிகள் பட்டியலில் இருப்பதால், ஆய்வு செய்யும் அதிகாரி மீறலைத் தாமே கண்டுகொள்வார்.

பிழை இருந்தால் தேதியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள் என்ற வரி மரியாதைக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. நிர்வாகம் இரண்டு தேதிகளை மட்டும் மறுத்துப் பதில் எழுதினால், ஏனைய தேதிகள் மீது அதற்கு மறுப்பில்லை என்று பின்னர் வாதிட அந்தப் பதில் உதவும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால், இரண்டாவது பிரதியில் 'பெறப்பட்டது' என்ற குறிப்பும் தேதியும் கையொப்பமும் பெற வேண்டும். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா விவரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

நிர்வாகம் சொல்லக்கூடிய பதில்கள்

"மிகைநேரத்துக்கு முன் அனுமதி பெறவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் பதில். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஊழியரை வரம்புக்கு மேல் வேலை செய்யப் பணிப்பதை மட்டுமன்றி, வேலை செய்ய அனுமதிப்பதையும் குறிப்பிடுகிறது. விருந்து நடக்கும்போது ஊழியர் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுத்தில் அனுமதி இல்லை என்று பின்னர் கூறுவது எளிதில் நிற்காது.

"நியமனக் கடிதத்தில் எல்லா நேரமும் சேர்த்துத்தான் சம்பளம் என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்பது மற்றொன்று. ஊதியச் சட்டத் தொகுப்பின் கீழ் சேர வேண்டிய தொகையை ஊழியர் விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று அத்தொகுப்பின் 60ஆவது பிரிவு கூறுகிறது.

மூன்றாவது, "22ஆம் தேதிக்குப் பதில் வேறொரு நாள் விடுமுறை கொடுத்துவிட்டோம்" என்பது. மாற்று விடுமுறை, இழந்த ஓய்வு நாளை ஈடுசெய்யும். ஆனால் வாரத்தில் 48 மணிக்கு மேல் செய்த வேலைக்கு 8ஆவது பிரிவு சொல்வது இரு மடங்கு ஊதியம்தான். மாற்று விடுமுறை உண்மையிலேயே பெற்றிருந்தால், அதன் தேதியையும் கடிதத்திலேயே குறிப்பிடுவது நல்லது. மறைத்ததாகப் பின்னர் குற்றம் சாட்ட இடமிருக்காது.

பதில் வராவிட்டால்?

குறித்த தேதி கடந்தும் பதில் இல்லையெனில், கடிதத்தின் நகலுடன் தொழிலாளர் துறையை அணுகலாம். ஊதியச் சட்டத் தொகுப்பின் 45ஆவது பிரிவின் கீழ், மாநில அரசு நியமிக்கும் அதிகாரியிடம் ஊழியரோ, அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கமோ மனு அளிக்கலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். உரிய தொகையோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க உத்தரவிடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாதங்களுக்குள் முடிவு காண முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

பணம் கொடுத்தாகிவிட்டது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு, 59ஆவது பிரிவின்படி நிர்வாகத்தைச் சேர்ந்தது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். கொடுத்ததை மெய்ப்பிப்பதுதான் நிர்வாகத்தின் பொறுப்பு. அத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்பதற்கு முதல் ஆதாரத்தை ஊழியர்தான் காட்ட வேண்டும். 23 மணி நேரத்துக்கும் தேதி, நேரம், பார்க்க வேண்டிய பதிவேடு ஆகியவை கடிதத்தில் இருந்தால், அதிகாரி அந்தப் பதிவேடுகளைக் கேட்டுப் பெற முடியும். "டிசம்பர் முழுவதும் இரவு வெகுநேரம் வேலை செய்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த நாளின் பதிவேட்டைக் கேட்பது என்று அவருக்கே தெரியாது.